அற்றோணித் தத்துவமும் தமிழும்



ஒருவர் தாம் நேரிற் செய்ய இயலாத காரியங்களைத் தமக்காகச் செய்யுமாறு மற்றொருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுக்கும் உறுதியை நம் நாட்டில் அற்றோணித் தத்துவம் என்கிறோம். தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் சைவ சித்தாந்த வகுப்பு நினைவுக்கு வரலாம். ஆனால் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் அச்சொல்லுக்கு அதிகாரம் என்பதே பொருள். அவ்வதிகாரத்தைப் பெற்றவர் தத்துவக்காரர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இத்தகைய உறுதியொன்றைத் தமிழாக்கும்போது, கொடுக்கப்பட்ட அதிகாரம் ஓர் அங்குலம் கூடாமலும் குறையாமலும் தமிழுக்கு வந்து சேர்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது கொழும்பில் மட்டும் எழும் வினாவன்று. கிளிவெட்டியிலும் மூதூரிலும் சம்பூரிலும் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் பல. 2006ஆம் ஆண்டில் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பின்னர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து, 2015 முதல் சிறிது சிறிதாகத் தம் காணிகளுக்குத் திரும்பின. அக்காலத்தில் எல்லை காட்டவும், விசாரணைக்குத் தோன்றவும், விண்ணப்பங்களில் ஒப்பமிடவும் காணிக்காரர் பலர் ஊரில் இல்லை. அத்தகையோர் இருக்கும் நாட்டு நொத்தாரிசு ஆங்கிலத்தில் எழுதித் தரும் உறுதி, ஆங்கிலம் அறியாத தமக்கையின் கைக்கோ சிறிய தந்தையின் கைக்கோ வந்து சேரும்போது, அதனைத் தமிழிற் சொல்லுமாறு பாடசாலை அதிபரை நாடுவது ஊர் வழக்கம்.

முதற் சொல்லிலேயே ஓர் இடறல் உண்டு. உறுதியில் வரும் 'அற்றோணி' என்ற சொல்லை அகராதியில் தேடிச் சட்டத்தரணி என்று எழுதிவிடுவோர் உளர். நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் சட்டத்தரணியையும் அதே ஆங்கிலச் சொல்லால் அழைக்கும் வழக்கமே இதற்குக் காரணம். உறுதியிற் குறிக்கப்பட்டவர் கிளிவெட்டியில் வயல் செய்யும் அக்காவாக இருக்கலாம். அவரைச் சட்டத்தரணி என்று எழுதினால், உறுதியைக் காணும் உத்தியோகத்தர் அதிகாரம் எவருக்கு வழங்கப்பட்டது என்று ஐயுற இடமுண்டு. தத்துவக்காரர் என்று எழுதி, உறுதி முழுவதிலும் அச்சொல்லையே ஆளுதல் நன்று. ஓரிடத்தில் தத்துவக்காரர், ஓரிடத்தில் முகவர், பிறிதோரிடத்தில் பிரதிநிதி என்று மாற்றி எழுதுவது கட்டுரைக்கு அழகாகலாம். உறுதியிலோ, மூன்று ஆட்கள் இருக்கிறார்களோ என்ற கேள்வியை எழுப்பும்.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமோ என்று நேயர்கள் வினவலாம். தத்துவ உறுதியை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே வாசிக்கும். 1893ஆம் ஆண்டில் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்த மேன்முறையீடொன்றில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் இதனைத் தெளிவாக்கியது. ஒரு வணிக நிறுவனத்தின் தத்துவக்காரர் நிறுவனத்தின் பெயரிற் கடன் பெற்றிருந்தார். சரக்கு வாங்க, விற்க, கப்பல் அமர்த்த, அவற்றுக்கு வேண்டிய பத்திரங்களில் ஒப்பமிட அவருக்கு அதிகாரம் இருந்தது. கடன் வாங்கும் அதிகாரம் அவ்வுறுதியில் இல்லை. ஆதலின் அக்கடன் நிறுவனத்தைக் கட்டாது என்று முடிவாயிற்று. அதிகாரம் உறுதியின் நான்கு மூலைகளுக்குள் வெளிப்படையாகவோ, அவசியமான உட்பொருளாகவோ இருத்தல் வேண்டும் என்பதே அன்று கூறப்பட்ட விதி. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுத்தப்படும் வரை நம் நாட்டு மேன்முறையீடுகளும் அம்மன்றத்துக்கே சென்றன. நான்கு மூலைகளுக்குள் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் உள்ளே வைத்தால், அதனை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு நட்டம். உள்ளே இருப்பதை வெளியே தள்ளினால் உறுதி கொடுத்தவருக்கு நட்டம்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காகப் புனைந்தது. தம்பி கனடாவில் இருக்கிறார்; அக்கா கிளிவெட்டியில் இருக்கிறார். அல்லைக் குளத்து நீர் பாயும் இரண்டு ஏக்கர் வயல் தம்பியின் பெயரில் உள்ளது. போகத்துக்குப் போகம் அதனைக் குத்தகைக்குக் கொடுக்க அக்காவுக்கு அதிகாரம் வேண்டும். விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும் தம்மைக் கேட்டே செய்தல் வேண்டும் என்பது தம்பியின் எண்ணம். நொத்தாரிசு அதனை ஆங்கிலத்தில் எழுதினார். சொற்கள் அங்கு நிற்கும் வரிசையைத் தமிழ்ச் சொற்களால் காட்டினால் இவ்வாறிருக்கும்: குத்தகைக்கு விட, அக்காணியை, மேலும், விற்க அல்லது ஈடு வைக்க, அதனை, என் எழுத்து மூலமான முன்சம்மதத்துடன்.

ஆங்கிலத்தில் நிபந்தனை வாக்கியத்தின் வாலில் நிற்கிறது. தமிழிலோ அடை முன்னே வந்து வினை பின்னே வருவது இயல்பு. எனவே வாலில் நின்ற நிபந்தனையைத் தூக்கி முன்னே வைக்க வேண்டியவராகிறார் மொழிபெயர்ப்பாளர். எங்கே வைப்பது என்பதில் தம்பியின் வயலே தங்கியிருக்கிறது.

ஒருவர் இவ்வாறு எழுதுகிறார்: 'எனது எழுத்து மூலமான முன்சம்மதத்துடன் அக்காணியைக் குத்தகைக்கு விடவும் விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரமளிக்கிறேன்.' வாக்கியம் ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனால் முன்னே வந்த அடை பின்வரும் மூன்று வினைகளையும் பற்றிக்கொண்டது. இதன்படி அக்கா ஒவ்வொரு காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் கனடாவிலிருந்து கடிதம் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். வாய்க்காலில் நீர் திறக்கும் நாள் கடிதத்துக்காகக் காத்திராது. அதிகாரம் இங்கே சுருங்கிவிட்டது.

மற்றொருவர் ஆங்கில வரிசையைக் காக்க முயன்று, 'அக்காணியைக் குத்தகைக்கு விடவும், விற்கவும், எனது எழுத்து மூலமான முன்சம்மதத்துடன் ஈடு வைக்கவும்' என்கிறார். இங்கே நிபந்தனை ஈட்டை மட்டும் பற்றியது. விற்பனைக்குத் தடையே இல்லாமற் போயிற்று. ஈடு வைத்தால் மீட்கலாம், விற்றால் மீளாது. மீளாத காரியத்துக்குக் கேட்கத் தேவையில்லை, மீளக்கூடியதற்கே கேட்க வேண்டும் என்ற விநோதமான உறுதி பிறந்துவிட்டது. இவ்விரு தமிழாக்கங்களிலும் ஒரு சொல்லாவது தவறென்று அகராதியைக் காட்டி எவரும் கூற இயலாது. பிழை சொல்லில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

இதனைத் தீர்க்கும் வழி, வாக்கியத்தை இரு கூறாக்கி, நிபந்தனைக்கு உட்பட்டவற்றை ஒரு கட்டாகக் கட்டிவிடுவதாகும்: 'அக்காணியைக் குத்தகைக்கு விடுவதற்கும், அதனை விற்றல், ஈடு வைத்தல் ஆகிய இரண்டில் எதனையும் எனது எழுத்து மூலமான சம்மதத்தை முற்கூட்டியே பெற்ற பின்னர் மாத்திரம் செய்வதற்கும் அதிகாரமளிக்கிறேன்.' 'ஆகிய இரண்டில் எதனையும்' என்ற தொடர் ஆங்கிலத்தில் இல்லை என்று குறை கூறலாம். ஆங்கிலம் தன் சொல்வரிசையால் செய்ததைத் தமிழ் இத்தொடரால் செய்கிறது. அது சேர்க்கையன்று.

ஆங்கிலமே ஐயத்துக்கு இடமாயிருந்தால் என் செய்வது? நொத்தாரிசு மூன்று வினைகளையும் ஒரே கோவையாக எழுதி, இறுதியில் நிபந்தனையை வைத்திருந்தால், அது எத்தனை வினைகளைச் சாரும் என்று அந்நாட்டு வழக்கறிஞரே வாதிடக்கூடும். அப்போது மொழிபெயர்ப்பாளர் நீதிபதியாகிவிடக்கூடாது. இரு பொருளும் உண்டென்று தனிக் குறிப்பெழுதி, உறுதி கொடுத்தவருக்கே அறிவித்தல் வேண்டும். அவர் ஒரு திருத்த உறுதி எழுதுவிப்பதற்கு ஆகும் செலவு, வயல் வழக்குக்கு ஆகும் செலவின் முன் ஒன்றுமில்லை.

நிற்க. உறுதியிலுள்ள நீண்ட வாக்கியத்தைக் கண்டு அஞ்சி, அதனை இலக்கமிட்ட சிறு வாக்கியங்களாக உடைத்தெழுதுவது இக்காலப் பழக்கம். வாசிக்க எளிதுதான். ஆயினும் தமிழில் அதற்கென ஓர் ஆபத்து உண்டு. 'விற்கவும், ஈடு வைக்கவும் அதிகாரமளிக்கிறேன்' என்னும்போது, அந்த 'உம்' எண்ணும்மை. 'அதிகாரமளிக்கிறேன்' என்ற முடிக்குஞ் சொல்லைத் தலைப்பிலே விட்டுவிட்டுக் கீழே, 'ஒன்று: காணியை விற்கவும். இரண்டு: பணத்தை வங்கியிலிடவும்' என்று எழுதினால், அது கட்டளையாகிவிடுகிறது. 'கதவை மூடவும்' என்று அலுவலகச் சுவரில் எழுதியிருப்பது போன்றதே அது. விற்கலாம் என்ற உரிமை, விற்க வேண்டும் என்ற கடமையாக மாறுகிறது. தம்பி விற்கச் சொல்லிவிட்டார் என்று அக்கா உண்மையாகவே நம்பி விலை பேசத் தொடங்கலாம். இலக்கமிட்டே எழுதுவதாயின் ஒவ்வொரு கூறும் 'விற்பதற்கு', 'வங்கியிலிடுவதற்கு' என்று முடிதல் வேண்டும்.

இனி வினைச்சொற்களைப் பார்ப்போம். ஆங்கில உறுதி எழுதுவோர் ஒரு பொருட் சொற்களை வரிசையாக அடுக்கும் வழக்கமுடையோர். கேட்க, வற்புறுத்திக் கேட்க, வழக்கிட்டு அறவிட, பெற, பற்றுச்சீட்டு வழங்க என்றவாறு அது நீளும். தமிழாக்குவோர், வீண் சொற்கள் என எண்ணி 'குத்தகைப் பணத்தை அறவிட' என்று சுருக்கிவிடுவர். கேட்பதும் பெறுவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். வழக்கிடுதல் அவ்வாறன்று, அது தனி அதிகாரம். குத்தகைக்காரர் பணம் தராதபோது தம்பியின் பெயரால் வழக்கு வைக்க அக்காவுக்கு உரிமையுண்டா என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்லே விடை. ஆகவே அடுக்கிலுள்ள ஒவ்வொரு வினைக்கும் தமிழில் ஒரு வினை இருத்தல் வேண்டும். நடை சற்றுத் தடித்தாலும் பாதகமில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தமிழ் உறுதிகளில் நாம் கேட்டுப் பழகிய சொற்களால் அது வருகிறது. 'நிர்வகிக்க' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஆண்டனுபவிக்க' என்று எழுதுவது அத்தகையது. ஆண்டனுபவித்தல் என்பது விற்பனை உறுதியிலும் நன்கொடை உறுதியிலும் காணியைப் பெற்றவருக்கு உரிய சொல். அதனைத் தத்துவ உறுதியில் வைத்தால், காணியைப் பார்ப்பவர் காணிக்காரர் போன்று தோன்றுவார். 'பெற்றுக்கொள்ள' என்ற சொல்லிலும் சிறு கவனம் வேண்டும். பேச்சில் அது வெறும் 'பெற' என்பதற்கு ஈடாக வழங்கினாலும், 'கொள்' என்ற துணைவினை தனக்காக என்ற சாயலையும் ஏற்கும். 'என் சார்பில், என் பெயரில் பெறுவதற்கு' என்றெழுதினால் அச்சாயல் நீங்கும். 'கையாள' என்ற சொல்லை நான் முற்றாகவே தவிர்க்கச் சொல்வேன். காணியைக் கையாளுதல் என்றால் உழுவதா, விற்பதா, வேலியடைப்பதா? பொருள் இல்லாத இடத்தில் எல்லாப் பொருளையும் ஏற்றி வாசிக்க எவரேனும் ஒருவர் இருப்பார்.

உறுதியின் இறுதியில் ஒரு பொது வாசகம் வரும். பொதுவாக வேண்டிய மற்றெல்லாச் செயல்களையும் செய்வதற்கு என்பது அதன் கருத்து. இதனைப் படித்தவுடன், எல்லாம் செய்யலாம் போலும் என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அவ்வாசகத்தின் வாலிலும் ஒரு கடிவாளம் பூட்டியிருப்பர்: 'பிறெமிசஸ்' தொடர்பில் என்று. இச்சொல் அன்றாட ஆங்கிலத்தில் வளவையும் கட்டடத்தையும் குறிக்கும். உறுதியின் பழைய நடையிலோ, மேலே சொல்லப்பட்ட விடயங்கள் என்பதே பொருள். இதனை 'வளவு தொடர்பான எல்லாச் செயல்களும்' என்று தமிழாக்கினால், இரண்டு தீமைகள் ஒருங்கே விளையும். வயலைப் பற்றிய உறுதியில் இல்லாத வளவொன்று நுழைகிறது. அவ்வளவு தொடர்பில் விற்பனை உட்பட எதனையும் செய்யலாம் என்ற பொருளும் வந்துவிடுகிறது. கடிவாளத்தையே விட்டுவிட்டால் இன்னும் மோசம். 'மேற்கூறிய விடயங்களின் பொருட்டு அவசியமான ஏனைய செயல்களைச் செய்வதற்கு' என்பதே நேரான தமிழ். மேலே குத்தகை மட்டும் கூறப்பட்டிருந்தால், இவ்வாசகம் குத்தகைக்கு வேண்டிய சிறு காரியங்களையே தரும். பொது வாசகத்தை உறுதியின் குறிப்பிட்ட நோக்கங்களோடு பொருத்தியே வாசிக்க வேண்டும் என்பது 1827ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பொன்றிலிருந்தே வழங்கிவரும் விதி.

இதன் அடுத்த வரியில், தத்துவக்காரர் செய்வதை எல்லாம் ஏற்று உறுதிப்படுத்துகிறேன் என்று வரும். அதில் 'சட்டப்படி', 'இவ்வுறுதியின் பயனாக' என்ற இரு அடைகளும் உண்டு. வாயிலாற் படித்துக் காட்டும்போது பலர் அவற்றை விழுங்கிவிடுவர். விழுங்கினால், அக்கா எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று தம்பி கூறியதாகிறது.

உறுதியின் தலைப்பகுதியையும் அலங்காரமென்று தள்ளிவிடலாகாது. 'ஆதலினால்' என்ற வாசகம் தொடங்குமுன், நான் இன்ன காரணத்தால் வெளிநாடு செல்கிறேன், அங்கு இருக்கும் காலத்தில் எனக்காகச் செயலாற்ற ஒருவரை நியமிக்க விரும்புகிறேன் என்று முன்னுரை இருக்கும். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டான்பி என்பவருக்கும் கூற்ஸ் வங்கிக்கும் நிகழ்ந்த வழக்கில் இம்முன்னுரையே தீர்ப்பை நிர்ணயித்தது. அதிகாரம் வழங்கும் பகுதியில் கால எல்லை ஏதும் இல்லை. தாம் இங்கிலாந்தில் இல்லாத காலத்தில் செயலாற்றுவதற்காக என்று முன்னுரை கூறியது. அவர் திரும்பி வந்த பின்னர்த் தத்துவக்காரருக்கு அதிகாரம் இல்லை என்று மன்று கொண்டது. இந்த நான்கு வரிகளைத் தமிழில் விட்டவர், கால எல்லையுள்ள அதிகாரத்தைக் கால எல்லையற்றதாக்கிவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

அட்டவணையைப் பற்றி ஒரு சொல். தமிழில் ஆங்கிலத்தைப் போலக் குறித்த ஒன்றைச் சுட்டும் அடைச்சொல் இல்லை. 'காணியை விற்பதற்கு' என்றால் அந்த ஒரு காணியா, எந்தக் காணியுமா என்று தெரியாது. 'கீழே அட்டவணையில் விவரிக்கப்பட்ட காணியை' என்று முதலிற் கூறி, பின்னர் 'அக்காணி' என்றே சுட்டுதல் வேண்டும். மேலும், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வைத்திருக்கும் காணியை 'உறுதிக் காணி' என்று தமிழாக்கிவிடக்கூடாது. தாம் விற்க இயலாத காணியை விற்கும் அதிகாரத்தைத் தம்பி அக்காவுக்குக் கொடுத்தல் இயலாது. அதனை வாங்குபவர் அறிவதற்கு அச்சொல் ஒன்றே எச்சரிக்கை.

தமிழாக்கம் முடிந்த பின் அது சரியா என்று அறிவதற்கு ஒரு முறை உண்டு. ஆங்கில உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு சில கேள்விகளுக்கு விடை எழுதிவைத்தல் வேண்டும். அக்கா தனியே செய்யக்கூடியவை எவை? கேட்டே செய்ய வேண்டியவை எவை? எந்தக் காணியில்? எக்காலம் வரை? பணம் எவர் பெயரில் வரும்? வழக்கு வைக்கலாமா? பின்னர், ஆங்கிலத்தைக் காணாத ஒருவரிடம் தமிழை மட்டும் வாசித்துக் காட்டி, அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். அவர் ஊரிற் காணி வாங்கி விற்றுப் பழகியவராயின் இன்னும் நன்று. அவர் விற்பவர் கண்ணோடு கேட்பார். இரு விடைகளும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே பிழை இருக்கிறது. தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்ப்பதைக் காட்டிலும் இது பயன் மிக்கது. ஏனெனில் மீள மொழிபெயர்ப்பவர் தாமறியாமலே வாக்கியத்தைச் சரியாக்கிவிடுவார்.

இத்தகைய தமிழாக்கம் அக்காவின் அறிவுக்கே உதவும். நம் நாட்டில் காணி விற்பனைக்கும் ஈட்டுக்கும் 1840ஆம் ஆண்டு மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாக வேண்டும்; உரியவரோ, சட்டப்படி அவரால் அதிகாரம் பெற்றவரோ ஒப்பமிடுதல் வேண்டும். அவ்வேளையில் நொத்தாரிசு நோக்குவது மூல உறுதியை. அற்றோணித் தத்துவங்களைப் பதிவதற்கு 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. அது 2022இல் திருத்தப்பட்டது. ஆதலின் பழைய உறுதியொன்றை வைத்திருப்போர் அதன் இன்றைய நிலையைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் விசாரித்தறிதல் வேண்டும். நீதிமன்றத்திலோ அரச அலுவலகத்திலோ தமிழ்ப் பிரதி கேட்கப்பட்டால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரே அதனைச் செய்து, தம் பெயரும் ஒப்பமும் முத்திரையும் இட்டுத் தருவார். ஊரவர் எழுதிக் கொடுக்கும் தமிழின் தலையில், 'இது விளங்கிக்கொள்வதற்கான தமிழாக்கம். ஐயம் எழுமிடத்து ஆங்கில மூலமே கொள்ளப்படும்' என்று எழுதி, மூலத்தின் பிரதியை அதனோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தல் வேண்டும்.